மூன்று கால் நிலைப்படுத்தியின் கணக்கு

ஒன்பது வோல்ற்றுப் பற்றறியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டியை வீட்டு மின்சாரத்தைக்கொண்டு இயக்க விரும்புவோர் பலர். மின்மாற்றி ஒன்றினால் அழுத்தத்தைக் குறைத்து, சீராக்கியினால் ஒருவழிப்படுத்தி, பெரிய கொள்ளளவி ஒன்றினால் அலைவை அடக்கினால் ஏறக்குறைய 16 வோல்ற்றுக் கிடைக்கின்றது. ஆயின், அந்த 16 வோல்ற்று உறுதியானதன்று. வீதியிலே மின்னழுத்தம் தாழ்ந்தால் அதுவுந் தாழும். பெட்டியின் ஒலியைக் கூட்டினால் அது சற்றுக் குறையும். ஆதலால், அதனை 9 வோல்ற்றுக்கு இறக்கி, அங்கேயே நிறுத்திவைக்கும் கருவி ஒன்று வேண்டப்படுகின்றது. அக்கருவியே அழுத்த நிலைப்படுத்தி.

இவ்வகைக் கருவிகளுள் இன்றும் எங்கும் கிடைப்பது LM317 என்னும் பெயருடையது. அமெரிக்காவின் நாஷனல் செமிகொண்டக்டர் நிறுவனத்திற் பணியாற்றிய றொபேட் டொப்கின் என்பவர் 1976ஆம் ஆண்டளவில் இதனை வகுத்தார். பின்னர் வேறு பல நிறுவனங்களும் அதே பெயரில் இதனைச் செய்யத் தொடங்கின. இதற்கு மூன்று கால்களே உண்டு. எழுத்துப் பொறித்த முகத்தைத் தம்மை நோக்கிப் பிடித்து, கால்கள் கீழே தொங்க வைத்தால், வழக்கமான பெரிய உறையில் இடப்புறம் உள்ளது சரிசெய் கால். நடுவில் உள்ளது வெளியீட்டுக் கால். வலப்புறம் உள்ளது உள்ளீட்டுக் கால். பொதுக் கம்பிக்கென, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் எதிர்க் கம்பிக்கென, தனிக் கால் எதுவும் இல்லை. இக்குறையே இக்கருவியின் சிறப்பு. இதைக்கொண்டு செய்வோர் படும் இருவேறு தொல்லைகளுக்கும் காரணம் இதுவே.

இக்கருவி செய்யும் வேலை ஒன்றுதான். தன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே எப்பொழுதும் 1.25 வோல்ற்று இருக்கும்படி அது பார்த்துக்கொள்கின்றது. அவ்விரு கால்களுக்கும் இடையே ஒரு தடையி இணைக்கப்படுகின்றது. சுற்றுப்படங்களில் R1 எனக் குறிக்கப்படும் இதனை மேல்தடையி என்று அழைக்கலாம். சரிசெய் காலிலிருந்து பொதுக் கம்பிக்கு மற்றொரு தடையி செல்கின்றது. R2 எனக் குறிக்கப்படும் இது கீழ்த்தடையி. மேல்தடையியின் குறுக்கே 1.25 வோல்ற்று மாறாது நிற்பதால், அதனூடு ஓடும் மின்னோட்டமும் மாறாதது. அதே மின்னோட்டம் கீழ்த்தடையியினூடும் இறங்கி, அங்கே தன் பங்கான அழுத்தத்தை எழுப்புகின்றது. இரண்டு அழுத்தங்களையும் கூட்ட வருவதே வெளியீடு.

இவ்வளவே உண்மையானால், வெளியீட்டை நிர்ணயிப்பது இரு தடையிகளின் விகிதம் மாத்திரமே. 9 வோல்ற்று வேண்டுமெனில், கீழ்த்தடையி மேல்தடையியைப் போல 6.2 மடங்காக இருத்தல் வேண்டும். கடையில் வாங்கக்கூடிய பெறுமானங்களைக்கொண்டு 6.25 மடங்கு என வைத்துக்கொண்டால், விடை 9.06 வோல்ற்று. வானொலிப் பெட்டிக்கு அது போதும்.

இக்கணக்கை நம்பித் தொழில் பழகும் இளைஞர் ஒருவர் வேலையில் இறங்குகின்றார் எனக் கொள்ளலாம். தடையிகளினூடு வீணே ஓடும் மின்னோட்டத்தை ஏன் பெருக்கவேண்டும் என்று அவர் சிந்திக்கின்றார். ஆதலால், மேல்தடையியாக 1,200 ஓமையும், கீழ்த்தடையியாக 7,500 ஓமையும் தெரிகின்றார். விகிதம் 6.25, கணக்கிற் பிழையில்லை. சுற்றை முடித்து, வானொலியை இணைக்குமுன் பன்மானியை வெளியீட்டில் வைத்துப் பார்க்கின்றார். முள் 9இல் நில்லாமல் 13 வோல்ற்றுக்கு ஏறி நிற்கின்றது. திகைப்புற்றுத் தடையிகளை அளக்கின்றார், அவை சரியானவையே. துணிந்து வானொலியை இணைத்ததும் முள் கீழே இறங்குகின்றது. ஆனால், 9.06க்கு வரவில்லை, ஏறத்தாழ 9.4 வோல்ற்றில் நின்றுவிடுகின்றது. கருவி பழுதென்று கருதி வேறொன்றை வாங்கி மாற்றினால், அதுவும் அவ்வாறே நடக்கின்றது.

அவர் கண்டவை இரண்டு பிழைகள். ஒன்று, சுமையில்லாதபோது அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறுதல். மற்றொன்று, சுமை இருக்கும்போதும் ஒரு சிறு மிகுதி நிலைத்து நிற்றல். இரண்டையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

எந்தக் கருவியும் தான் உயிருடன் இருப்பதற்கு ஓரளவு மின்னோட்டத்தை உட்கொள்ளும். அந்த மின்னோட்டம் எங்காவது வெளியேறியாக வேண்டும். 7809 போன்ற நிலையான அழுத்தம் தரும் நிலைப்படுத்திகளில் அதற்கெனப் பொதுக் கம்பிக்குச் செல்லும் கால் ஒன்று உண்டு. LM317இலோ அப்படிப்பட்ட கால் இல்லை. அதன் சொந்தச் செலவு முழுவதையும் சரிசெய் கால் வழியே விட்டால், அது கீழ்த்தடையியினூடு பாய்ந்து கணக்கைக் குழப்பிவிடும். ஆகவே, வகுத்தவர் அச்செலவின் பெரும்பகுதியை வெளியீட்டுக் கால் வழியே அனுப்பிவிட்டார். சரிசெய் கால் வழியே கசிவது மிகச் சிறிய மின்னோட்டமே. வழக்கமாக அது 50 மைக்குரோ அம்பியர். 100 மைக்குரோ அம்பியரை மீறாது என்பது செய்வோர் தரும் உறுதி.

இளைஞர் கண்ட 9.4 வோல்ற்றின் இரகசியம் அந்தக் கசிவிலே உள்ளது. மேல்தடையியினூடு வந்த மின்னோட்டத்தோடு இந்த 50 மைக்குரோ அம்பியரும் சேர்ந்து கீழ்த்தடையியினூடு இறங்குகின்றது. ஆகவே, முழுமையான கணக்கு பின்வருமாறு அமையும்:

```
Vout = 1.25 × (1 + R2/R1) + Iadj × R2
```

இங்கே கடைசிப் பகுதியே புதியது. Iadj என்பது சரிசெய் காலின் மின்னோட்டம். 50 மைக்குரோ அம்பியரை 7,500 ஓமாற் பெருக்கினால் 0.375 வோல்ற்று வரும். 9.06உடன் அதனைக் கூட்ட, 9.44 வோல்ற்று. இளைஞரின் மானி காட்டியது இதனையே. கசிவு அதன் எல்லையான 100 மைக்குரோ அம்பியரை எட்டும் கருவி ஒன்று அவர் கைக்கு வந்திருந்தால், வெளியீடு 9.81 வோல்ற்றாக இருந்திருக்கும். இப்பிழை எப்பொழுதும் மேல்நோக்கியே செல்லும். ஒருபொழுதும் வெளியீட்டைக் குறைக்காது.

கசிவு 50 என்று தெரிந்திருப்பின், கீழ்த்தடையியை அதற்கேற்பக் குறைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்த்தால் 7,500க்குப் பதிலாக ஏறக்குறைய 7,100 ஓம் வைத்தால் 9 வோல்ற்று வரும். ஆயின், அந்தத் திருத்தம் 50 மைக்குரோ அம்பியர் கசியும் கருவிக்கே பொருந்தும். நாளை அக்கருவி எரிந்துபோய், 100 மைக்குரோ அம்பியர் கசியும் வேறொன்றை அவ்விடத்தில் வைத்தால், வெளியீடு 9.35 வோல்ற்றுக்கு உயர்ந்துவிடும். ஆகவே, பிழையைக் கணக்கிற் கழித்துவிடுவதைவிட, பிழையே சிறுத்துப் போகும்படி தடையிகளைத் தெரிதல் நன்று.

இனி, 13 வோல்ற்றின் கதையைப் பார்க்கலாம். கருவியின் சொந்தச் செலவு வெளியீட்டுக் கால் வழியே வெளியேறுகின்றது என்பது மேலே கூறப்பட்டது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் 40 வோல்ற்று வேறுபாடு இருக்கும் கடினமான நிலையில், அதன் அளவு வழக்கமாக 3.5 மில்லியம்பியர் என்றும், எக்கருவியிலும் 10 மில்லியம்பியரை மீறாது என்றும் செய்வோர் குறித்துள்ளனர். வேறுபாடு குறையுமாயின் இதுவுங் குறையும். வெளியீட்டில் உள்ள சுமை இந்த மின்னோட்டத்தை ஏற்று வாங்குதல் அவசியம். இதுவே இக்கருவிக்கு வேண்டிய ஆகக் குறைந்த சுமை மின்னோட்டம்.

குளத்து மதகொன்றை இதற்கு உவமை கூறலாம். மதகின் கதவை முற்றாக இறக்கிவிட்டாலும் அதன் இடுக்கினூடு ஓரளவு நீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்த நீரை வயல் ஏற்றுக்கொள்ளுமாயின், வாய்க்காலின் நீர்மட்டம் மதகுக்காரன் சொற்படி நிற்கும். வயல்மடைகள் யாவும் அடைபட்டு, சிறு துளையொன்றினால் மாத்திரமே நீர் வெளியேற முடியுமாயின், கதவு மூடியிருந்தும் வாய்க்காலின் மட்டம் ஏறிக்கொண்டே போகும். மதகுக்காரனால் அதற்குமேல் எதுவுஞ் செய்ய இயலாது. அவன் ஏற்கெனவே கதவை மூடிவிட்டான்.

இளைஞரின் சுற்றிலே நடந்தது இதுவே. வானொலி இணைக்கப்படாதபோது வெளியீட்டிலிருந்து மின்னோட்டத்தை வாங்குவன அவ்விரு தடையிகள் மாத்திரமே. 1.25 வோல்ற்றை 1,200 ஓமினால் வகுக்க, 1.04 மில்லியம்பியர் வரும். கருவி வெளியேற்ற விரும்புவது அதனிலும் கூடுதல். வாங்குவோர் இன்மையால் அழுத்தம் ஏறுகின்றது. அழுத்தம் ஏற ஏறத் தடையிகள் வாங்கும் மின்னோட்டம் கூடுகின்றது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள வேறுபாடு சுருங்குவதால் கருவி வெளியேற்றும் மின்னோட்டம் குறைகின்றது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் முள் நிற்கின்றது. அவருக்கு அது 13 வோல்ற்றாக அமைந்தது. வேறொரு கருவிக்கு 11 ஆகவோ 14 ஆகவோ அமையலாம். வானொலியை இணைத்தவுடன் அதுவே வேண்டிய மின்னோட்டத்தை வாங்கிக்கொள்வதால், கட்டுப்பாடு மீண்டுவிடுகின்றது.

வானொலியை இணைத்ததும் சரியாகிவிடுகின்றதே, இதனால் என்ன கேடு என்று எண்ணுதல் தவறு. வானொலியின் ஆளி அணைந்திருக்கும் நேரமெல்லாம் நிலைப்படுத்தியின் வெளியீட்டுக் கொள்ளளவி 13 வோல்ற்று வரை நிரம்பியிருக்கின்றது. ஆளியைப் போடும் கணத்தில் அந்த 13 வோல்ற்றே பெட்டியினுள் பாய்கின்றது. 10 வோல்ற்றுக்கென வகுத்த கொள்ளளவி ஒன்று உள்ளே இருக்குமாயின், நாள்தோறும் அது இவ்வாறு தாக்கப்படுகின்றது. பெட்டியின் ஆளி அணைந்தபின்பும் மிகச் சிறு மின்னோட்டத்தில் விழித்திருக்கும் கடிகாரமோ நினைவகமோ அதனுள் இருந்தால், தாக்குதல் கணநேரமன்று. இரவு முழுவதும் நீடிக்கும்.

இரு பிழைகளுக்கும் மூலம் ஒன்றாகையால் மருந்தும் ஒன்றாகின்றது. விகிதத்தை மாற்றாமல் தடையிகளைச் சிறிதாக்க வேண்டும். மேல்தடையியை 120 ஓமாகவும் கீழ்த்தடையியை 750 ஓமாகவும் வைத்தால் விகிதம் முன்போல 6.25 தான். ஆயின், இப்போது தடையிகளினூடு 10.4 மில்லியம்பியர் ஓடுகின்றது. கருவி வெளியேற்றும் மின்னோட்டம் எவ்வளவாயினும் அதனைத் தடையிகளே ஏற்றுக்கொள்கின்றன. வானொலி இருப்பினும் இல்லாவிடினும் முள் அசையாது. சரிசெய் காலின் கசிவு 50 மைக்குரோ அம்பியராகவே இருந்தும், அது பாய்வது 750 ஓமினூடு மாத்திரமே. எழுப்பும் மிகுதி 0.04 வோல்ற்றுக்கும் குறைவு. வெளியீடு 9.10 வோல்ற்று. முன்பு, தடையிகளின் மின்னோட்டத்தில் ஏறக்குறைய இருபத்தொன்றில் ஒரு பங்காக இருந்த கசிவு, இப்போது இருநூற்றெட்டில் ஒரு பங்காக ஒடுங்கிவிட்டது.

பல சுற்றுப்படங்களில் மேல்தடையி 240 ஓம் என்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டோர் இங்கே ஐயுறலாம். அந்த 240 எதேச்சையாக வந்ததன்று. LM317க்கு LM117 என்னும் உயர்தர உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய ஆகக் குறைந்த சுமை 5 மில்லியம்பியரை மீறாது. இவ்விரு கருவிகளிலும் 1.25 வோல்ற்று என்று கூறப்படும் அழுத்தம் உண்மையில் 1.20இலிருந்து 1.30 வரை எங்கேனும் இருக்கலாம். ஆகக் குறைந்த 1.20ஐ 240ஆல் வகுத்தால் சரியாக 5 மில்லியம்பியர். அதே 1.20ஐ 120ஆல் வகுத்தால் சரியாக 10 மில்லியம்பியர். ஆகவே, 240 ஓம் LM117க்கு உரிய பெறுமானம். LM317க்கு உரியது 120 ஓம். 240 ஓமும் 1,500 ஓமும் வைத்துச் செய்த LM317 சுற்றுக்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இயங்குகின்றன. ஏனெனில், பெரும்பாலான கருவிகளின் தேவை 3.5 மில்லியம்பியரை அண்டியே உள்ளது. ஆயினும், பத்துக் கருவிகளோடு ஒழுங்காக இயங்கிய சுற்று பதினோராவது கருவியோடு சுமையின்றி ஏறத் தொடங்கினால், காரணத்தை இங்கேதான் தேடவேண்டும்.

மேல்தடையியை 120இலும் சிறிதாக்கினால் பிழை இன்னுங் குறையுமன்றோ எனின், குறையும். ஆனால் பயன் சிறிது. மேலே கூறிய 1.20க்கும் 1.30க்கும் இடைப்பட்ட ஐயமே இப்போது பெரிதாகி நிற்கின்றது. அதனை 7.25 மடங்காக்கினால், வெளியீடு 8.7 வோல்ற்றிலிருந்து 9.4 வோல்ற்றுக்கு மேல்வரை எங்கும் நிற்கக்கூடும். அதன் முன்னே 0.04 வோல்ற்று ஒரு பொருட்டன்று. திட்டமாக 9 வோல்ற்று வேண்டுவோர், 750 ஓமுக்குப் பதிலாக 680 ஓம் தடையி ஒன்றோடு 200 ஓம் மாறுந்தடையி ஒன்றைத் தொடராக இணைத்து, மானியைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். மாறுந்தடையியின் நடுக்காலை அதன் ஓரக்கால் ஒன்றோடு பிணைத்துவிடுதல் நன்று. நடுத்தொடுகை பழுதுற்றால், வெளியீடு 10.5 வோல்ற்றை அண்டி நிற்குமேயன்றி, உள்ளீட்டின் உயரத்துக்குத் தாவாது.

ஏற்கெனவே பெரிய தடையிகளோடு செய்து முடித்த சுற்றைக் கலைக்க மனமில்லாதோர், வெளியீட்டின் குறுக்கே 820 ஓம் தடையி ஒன்றை இணைப்பதுண்டு. 9 வோல்ற்றில் அது 11 மில்லியம்பியர் வாங்குவதால் 13 வோல்ற்றுத் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால், சரிசெய் காலின் கசிவு முன்போலவே 7,500 ஓமினூடு பாய்வதால், 9.44 அவ்வாறே நிற்கும். இது பாதி மருந்து. ஒளிகாட்டும் சிறு விளக்கையே சுமையாகக் கொள்வோரும் உளர். அவ்விளக்கு அணைந்துபோகும் நாளிலே பழைய தொல்லை திரும்பிவரும் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சுற்றுக்கு 10 மில்லியம்பியர் வீண்செலவு பெரிதன்று. பற்றறியைக்கொண்டு இயக்கும் கருவிக்கோ அது இரவும் பகலும் ஓடும் செலவு. அத்தகைய இடங்களில் தடையிகளைப் பெரிதாக்கிச் சிக்கனம் தேட முயலுதல் இளைஞரின் பிழையையே மீண்டுஞ் செய்வதாகும். அங்கே, சிறு மின்னோட்டத்திலேயே உயிர்வாழும்படி வகுக்கப்பட்ட வேறு நிலைப்படுத்தியைத் தெரிதல் வேண்டும்.

பிழை எதுவென அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பன்மானியை வெளியீட்டிலன்றி மேல்தடையியின் குறுக்கே வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே 1.20க்கும் 1.30க்கும் இடைப்பட்ட அழுத்தம் இருந்தால், கருவி தன் கடமையைச் செய்கின்றது. வெளியீடு கூடியிருப்பின் பிழை விகிதத்திலோ சரிசெய் காலின் கசிவிலோ உள்ளது. அங்கே அதைவிடக் கூடுதலாக, இளைஞரின் சுற்றிலே இருந்ததுபோல 1.7 வோல்ற்றளவு இருந்தால், கருவி கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அவ்வேளை 820 ஓம் தடையி ஒன்றை வெளியீட்டின் குறுக்கே சிறிது நேரம் பிடித்துப் பார்க்கலாம். முள் உடனே இறங்கி 1.25க்கு வருமாயின், கருவியிற் பழுதில்லை. அதற்கு வேண்டிய சுமையே இல்லாதிருந்தது. இச்சோதனையை வானொலியை இணைத்த பின்னரன்றி, இணைக்குமுன் செய்தல் வேண்டும். சுமையில்லாத வெளியீடு 9 வோல்ற்றில் அமைதியாக நின்றாலன்றிப் பெட்டியின் கம்பியை அதிற் செருகலாகாது.